உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குவது ஏன்?

கேள்வி: "அண்ணா, மாரத்தஹள்ளி பிஜியில் இருக்கேன். லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு ரெண்டும் போட்டிருக்கேன். உபுண்டுவில் வேலை பார்த்துட்டு விண்டோஸுக்குப் போனா மணி தப்பாக் காட்டுது. சரி பண்ணி வச்சாலும் அடுத்த தடவை மறுபடியும் அதே கதை. ஆனா சில நாள் சரியாவும் இருக்கு. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பேட்டரி மாத்திக் கொடுத்தாங்க, மூணு நாள்ல திரும்ப வந்துடுச்சு. காலை பத்து மணி மீட்டிங்குக்கு நினைவூட்டல் மதியம் மூன்றரைக்கு வந்து மானம் போச்சு. என்னதான் பிரச்சினை?"

உங்கள் பேட்டரியில் கோளாறு இல்லை. பழைய பேட்டரியிலும் இருந்திருக்காது. நீங்களே எழுதிய "பத்து மணி, மூன்றரை மணி" என்ற இரண்டுக்கும் நடுவில் இருப்பது சரியாக ஐந்தரை மணி நேரம். கடைக்காரர் அதைக் கவனித்திருந்தால் லேப்டாப்பைத் திறந்தே இருக்க மாட்டார். பேட்டரி சாகும்போது நேரம் இப்படிக் கணக்காகத் தப்பாது. ஒரு நாள் இருபது நிமிடம் பின்தங்கும், இன்னொரு நாள் தேதியே எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும், நிமிட முள்ளும் சேர்ந்து தப்பாக இருக்கும். உங்களுக்கு நிமிடமும் நொடியும் சரியாக இருந்து, ஐந்தரை மணி மட்டும் குறைகிறது. இந்திய நேரத்துக்கும் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதே ஐந்தரை மணிதான்.

உங்கள் லேப்டாப்பில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத்தை எண்ணி எண்ணி அது நேரத்தை நகர்த்துகிறது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இதற்கென மோட்டோரோலாவின் தனிச் சில்லு ஒன்று இருந்தது. இப்போது அந்த வேலை மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே நடக்கிறது, ஆனால் குறித்து வைக்கும் முறை பெரிதாக மாறவில்லை. நொடி, நிமிடம், மணி, கிழமை, தேதி, மாதம், வருடம் என்று வெறும் எண்கள்தான் அதில் உண்டு. அந்த எண்கள் எந்த ஊர் நேரம் என்று எழுதி வைக்க அதில் இடமே கிடையாது. முழுப் பிரச்சினையும் இந்த ஒரு குறையிலிருந்துதான் பிறக்கிறது.

யூஇஎஃப்ஐ வந்தபோது நேர மண்டலத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். ஆனால் "குறிப்பிடப்படவில்லை" என்றே அதை விட்டுவைக்கலாம் என்று விதியும் இருக்கிறது. அதனால் அதை நம்பி உங்கள் விண்டோஸோ உபுண்டுவோ முடிவெடுப்பதில்லை.

இப்போது இரண்டு பேர் ஒரே நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு அதில் யூடிசி நேரத்தை எழுதுகிறது, படிக்கும்போது ஐந்தரை மணியைக் கூட்டித் திரையில் காட்டுகிறது. விண்டோஸ் அதே பக்கத்தில் இந்திய நேரத்தை அப்படியே எழுதுகிறது, படிக்கும்போதும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. இருவர் எழுதியதும் அவரவர் முறையில் சரிதான். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

விண்டோஸ் ஏன் இப்படிச் செய்கிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். அது டாஸ் காலத்து மிச்சம். அப்போது கணினிக்கு நேர மண்டலம் என்ற எண்ணமே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அடித்தார்கள், அதையே சில்லு வைத்துக்கொண்டது. அதே கணினியில் டாஸும் ஓடவேண்டும், பயாஸ் திரையைத் திறந்து பார்ப்பவர் குழம்பக்கூடாது என்பதால் விண்டோஸும் அந்த வழக்கத்தை விடவில்லை. இத்தனைக்கும் விண்டோஸ் தனக்குள் கணக்கு வைப்பது யூடிசியில்தான். என்டிஎஃப்எஸ் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் பதிவாகும் நேரம்கூட யூடிசிதான். சில்லிடம் போய் வரும் அந்த ஒரு வாசலில் மட்டும் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸோ 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளை எண்ணுகிறது. ஊர் நேரம் என்பது அதற்குத் திரையில் காட்டும்போது போடும் சட்டை மட்டுமே.

உங்கள் லேப்டாப்பிலேயே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம், ஐந்து நிமிடம் போதும். உபுண்டுவில் வைஃபை இணைத்து, டெர்மினலில் `timedatectl` என்று அடியுங்கள். இரவு 9:40க்கு அடித்தால் இப்படி வரும்:

```
               Local time: Fri 2025-03-07 21:40:12 IST
           Universal time: Fri 2025-03-07 16:10:12 UTC
                 RTC time: Fri 2025-03-07 16:10:12
                Time zone: Asia/Kolkata (IST, +0530)
System clock synchronized: yes
              NTP service: active
          RTC in local TZ: no
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். சில்லில் இருப்பது 16:10. இப்போது ரீஸ்டார்ட் செய்து, எழும்போதே பயாஸ் அமைப்புக்குள் போங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் F2 அல்லது Del விசை. அங்கே முதல் பக்கத்திலேயே நேரம் இருக்கும். கையில் இருக்கும் போன் 9:42 காட்டும்போது பயாஸ் 16:12 காட்டும். எதையும் மாற்றாமல் வெளியேறி விண்டோஸைத் திறந்தால் மூலையில் மாலை 4:13. விண்டோஸ் பொய் சொல்லவில்லை, நோட்டில் இருந்ததை அப்படியே வாசித்திருக்கிறது.

இனி எதிர்த் திசை. விண்டோஸில் நீங்கள் நேரத்தைத் திருத்தியதும் சில்லில் 21:45 என்று எழுதப்படுகிறது. திரும்ப உபுண்டுவுக்கு வந்தால் அது 21:45ஐ யூடிசி என்று எடுத்துக்கொண்டு ஐந்தரையைக் கூட்டும். கிடைப்பது மறுநாள் அதிகாலை 3:15. இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் வைஃபை இணைந்த சில நொடிகளில் உபுண்டு நேர சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் தடயம் இருக்கும். `journalctl -b` என்று அடித்துப் பாருங்கள். தொடக்க வரிகளில் நாளைய தேதி, அதிகாலை மூன்று மணி. பிறகு ஓர் இடத்தில் திடீரென்று இன்றைய இரவுக்குப் பின்னோக்கிக் குதித்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: "சில நாள் சரியாவும் இருக்கு." பலரும் இதை விட்டுவிட்டுச் சொல்வார்கள், நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உபுண்டு நேர சர்வரோடு ஒத்திசைந்த பிறகுதான் லினக்ஸ் கெர்னல் அந்தச் சரியான நேரத்தைச் சில்லில் எழுதும், அதற்குப் பிறகு பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும். இணையம் இல்லாமல் உபுண்டுவை ஓட்டினால் ஒத்திசைவு இல்லை, எழுதுவதும் இல்லை. அன்று உபுண்டு ஐந்தரை மணி முன்னால் ஓடும், ஆனால் சில்லில் விண்டோஸ் வைத்த நேரம் அப்படியே பத்திரமாக இருக்கும். திரும்ப விண்டோஸ் போனால் எல்லாம் சரி. உங்கள் பிஜியில் வைஃபை படுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள், அந்த நாட்களில்தான் விண்டோஸ் நேரம் சரியாக இருந்திருக்கும்.

யூஎஸ்பியில் உபுண்டுவைச் சும்மா போட்டுப் பார்த்துவிட்டு, நிறுவாமலே விட்டவர்களுக்கும் ஒருமுறை விண்டோஸ் நேரம் தப்புவது இதனால்தான். அந்த யூஎஸ்பி உபுண்டு வைஃபையில் இருந்த நேரத்தில் சில்லில் யூடிசியை எழுதிவிட்டுப் போயிருக்கும்.

விண்டோஸுக்கும் நேர சர்வர் உண்டே, அது ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். திருத்தும். ஆனால் வீட்டுக் கணினியில் அது எழுந்தவுடனேயே கேட்கும் என்று சொல்ல முடியாது, தன் முறை வரும்வரை காத்திருக்கும். அதற்குள் உங்கள் மீட்டிங் முடிந்துவிடுகிறது. இன்னொரு விஷயம், இந்த ஐந்தரை மணிப் பிழை எல்லா இடத்திலும் பளிச்சென்று தெரியாது. பெரும்பாலான இணையதளங்கள் திறக்கும், ஏனென்றால் அவற்றின் சான்றிதழ் பல நாள் முன்பே கொடுக்கப்பட்டது. இன்று காலைதான் சான்றிதழைப் புதுப்பித்த ஏதோ ஒரு தளம் மட்டும் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று முரண்டு பிடிக்கும். ஒரு தளம் மட்டும் திறக்காவிட்டால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தளத்தைத்தான் திட்டுவார்கள். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை விண்டோஸைத் திறந்தால் தேதியே நேற்றையதாக இருக்கும். ஏப்ரல் 1 அதிகாலை 12:20க்குச் சேமித்த கோப்பு மார்ச் 31 மாலை 6:50 என்று பதிவாகும். கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தீர்வு எளிது: இருவரில் ஒருவர் மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். "மட்டும்" என்பதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. போன வருடம் அல்சூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பொறியியல் படிப்பவள், தன் லேப்டாப்பை எடுத்து வந்தாள். ஒரு வீடியோவைப் பார்த்து விண்டோஸில் ஒரு மாற்றம் செய்திருந்தாள். சரியாகிவிட்டதா என்று தெரியாமல், இன்னொரு பக்கத்தில் படித்த உபுண்டு கட்டளையையும் ஓட்டியிருந்தாள். இரண்டு மருந்தும் தனித்தனியே சரியானவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் நோய் அப்படியே திரும்பிப் படுத்துக்கொண்டது. இப்போது விண்டோஸ் யூடிசியை எழுதுகிறது, உபுண்டு அதை ஊர் நேரம் என்று படிக்கிறது. உபுண்டு ஐந்தரை மணி பின்தங்கியது.

இணையம் இருந்தால் உபுண்டு தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டுமே? அவள் விடுதியின் நெட்வொர்க்கில் நேர சர்வருக்கான யூடிபி 123ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருந்தார்கள். இணையதளங்கள் வரும், நேரம் மட்டும் வராது. அவள் என்னிடம் கொண்டுவந்தது கடிகாரப் புகாரே இல்லை. "மாமா, உபுண்டுவில் அப்டேட் ஆக மாட்டேங்குது" என்றாள். இரவு 8:15க்கு `sudo apt update` அடித்தபோது வந்தது இது என்று படம் எடுத்து வைத்திருந்தாள்:

```
E: Release file for http://in.archive.ubuntu.com/ubuntu/dists/noble-updates/InRelease is not valid yet (invalid for another 3h 12min 40s). Updates for this repository will not be applied.
```

இன்னும் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் இந்தக் கோப்பு செல்லும் என்கிறது. அதாவது கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்ததாக அவள் கணினி நினைக்கிறது. உண்மையான இரவு 8:15, யூடிசியில் 14:45. அவள் உபுண்டு மதியம் 2:45 என்று காட்டியது, அது யூடிசியில் 9:15. சர்வரில் அந்தக் கோப்பு வெளியானது யூடிசி 12:28 வாக்கில். 9:15 என்று நம்பும் கணினிக்கு 12:28 இன்னும் மூன்றேகால் மணி தூரத்தில் இருக்கிறது. பிழை ஐந்தரை மணியாக இருந்தும் செய்தியில் ஐந்தரை வராமல் போனது அதனால்தான். ஆகவே இந்தச் செய்தியில் வரும் எண்ணைப் பார்த்து நேர மண்டலச் சிக்கல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் போனோடு ஒப்பிடுங்கள்.

எனவே எதையும் மாற்றும் முன் உபுண்டுவில் `timedatectl` கடைசி வரியைப் படியுங்கள். `RTC in local TZ: no` என்றால் உபுண்டு யூடிசியில் இருக்கிறது. `yes` என்றால் யாரோ, அல்லது பக்கத்தில் விண்டோஸ் இருப்பதைப் பார்த்த நிறுவியே, அதை ஊர் நேரத்துக்கு மாற்றியிருக்கிறது. அப்படியானால் முதலில் இதை அடித்துப் பழையபடி ஆக்குங்கள்:

```
sudo timedatectl set-local-rtc 0
```

நான் பரிந்துரைப்பது விண்டோஸை யூடிசிக்குக் கொண்டுவருவதைத்தான். விண்டோஸின் அமைப்புகளில் இதற்குப் பொத்தான் எதுவும் இல்லை, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு சேர்க்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் `cmd` என்று தேடி, வலது சொடுக்கில் `Run as administrator` கொடுத்துத் திறந்து, இந்த ஒரே வரியை ஒட்டுங்கள்:

```
reg add "HKLM\SYSTEM\CurrentControlSet\Control\TimeZoneInformation" /v RealTimeIsUniversal /t REG_DWORD /d 1 /f
```

இதற்குப் பிறகு பலர் நேராக விண்டோஸையே மறுபடி திறந்து, "இப்போ ஐந்தரை மணி முன்னால் போயிடுச்சு, கட்டளை தப்பு" என்று பதறுகிறார்கள். கட்டளை தப்பில்லை. சில்லில் இன்னும் பழைய ஊர் நேரம்தான் கிடக்கிறது, அதை இப்போது விண்டோஸ் யூடிசி என்று படிக்கிறது. அதனால் வரிசை முக்கியம். கட்டளை கொடுத்ததும் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு இல்லை, பழைய கெர்னலையே தூங்க வைத்து எழுப்பும், புதிய மதிப்பு படிக்கப்படாமல் போகலாம். ரீஸ்டார்ட்டில் உபுண்டுவைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை இணைந்து, மேலே காட்டும் நேரம் போனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்தால், பதினோரு நிமிடக் கணக்கையெல்லாம் நம்பிக் காத்திராமல் நீங்களே சில்லில் எழுதிவிடுங்கள்:

```
sudo hwclock --systohc --utc
```

`hwclock` இல்லை என்று வந்தால் இரண்டொரு நிமிடம் காத்திருந்து, `timedatectl` காட்டும் `RTC time` வரியும் `Universal time` வரியும் ஒன்றாகிவிட்டதா என்று பாருங்கள், அதுவே போதும். பிறகு விண்டோஸுக்குப் போங்கள். நேரம் சரியாக இருக்கும். இது நிலைத்ததா என்று அறிய, வைஃபையை அணைத்துவிட்டு இரண்டுக்கும் மாறி மாறி ஒருமுறை போய் வாருங்கள். நேர சர்வர் துணை இல்லாமலே இரண்டும் ஒரே நேரம் காட்டினால்தான் உண்மையில் தீர்ந்தது. வைஃபை இருந்தால் சர்வர் பிழையை மறைத்துவிடும்.

எக்ஸ்பி, விஸ்டா காலத்தில் இந்த மதிப்பு தகராறு செய்ததுண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நான் பல ஆண்டாக வைத்திருக்கிறேன், தூங்கி எழும்போதும் சரியாகவே இருக்கிறது.

அலுவலக லேப்டாப் என்றால் ரெஜிஸ்ட்ரியைத் தொட உங்களுக்கு அனுமதி இருக்காது. அப்போது மட்டும் உபுண்டுவை ஊர் நேரத்துக்கு மாற்றலாம். மேலே சொன்ன `set-local-rtc` கட்டளையில் 0க்குப் பதில் 1 போட்டால் போதும். அதன் பிறகு `timedatectl` ஒவ்வொரு முறையும் இந்த முறை முழுமையாக ஆதரிக்கப்படாது என்று நீளமாக எச்சரிக்கும். அது சும்மா மிரட்டல் இல்லை. இந்த நிலையில் உபுண்டு சில்லைத் தானாகத் திருத்துவதை நிறுத்திவிடும், அந்தப் பொறுப்பு முழுக்க விண்டோஸ் தலையில் விழும். கோடைகால நேரம் இல்லாத நம் ஊரில் இதை வைத்து ஓட்டிவிடலாம். ஆனால் ஆன்சைட் என்று லண்டன் போனால் தலைவலி. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். விண்டோஸ் சில்லில் ஒரு மணியைக் கூட்டிவைக்கும். அது கூட்டியாகிவிட்டதா இல்லையா என்பதைச் சில்லைப் பார்த்து உபுண்டுவால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே இருப்பது வெறும் எண்கள். சில்லில் யூடிசி இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. லண்டனோ பெங்களூரோ, சில்லைத் தொடாமல் இரண்டு பக்கமும் நேர மண்டலத்தை மட்டும் மாற்றினால் போதும். விண்டோஸ் பக்கத்தை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இனி உங்கள் பயாஸ் திரை எப்போதும் ஐந்தரை மணி பின்னால்தான் காட்டும், அதுதான் சரி. அடுத்த முறை வேறு எதற்காவது எஸ்.பி. ரோட்டுக் கடைக்கு எடுத்துப் போகும்போது, அங்கே பயாஸைத் திறப்பவர் நேரம் தப்பாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் திருத்திவிடுவார். வீட்டுக்கு வந்து வைஃபை இல்லாமல் திறந்தால் விண்டோஸ், உபுண்டு இரண்டுமே ஐந்தரை மணி முன்னால் நிற்கும். பயப்படாமல் உபுண்டுவை வைஃபையில் போட்டு அந்த `hwclock` வரியை ஒருமுறை அடித்தால் இரண்டும் சரியாகிவிடும். இல்லையென்றால் லேப்டாப்பைக் கொடுக்கும்போதே "பயாஸ் நேரத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.